கும்பகோணத்தில் கார் ஓட்டக் கற்க 21 நாள் பயிற்சி: எல்.எல்.ஆர். எடுப்பது முதல் எட்டு போட்டு உரிமம் பெறுவது வரை

இதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்பவர்களுக்காகவே அமைத்த வகுப்பு இது. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் வந்து உட்காருவதில் வெட்கப்பட எதுவுமில்லை. சொல்லப்போனால் அப்படி வருகிறவர்களுக்குக் கற்றுத்தருவது எங்களுக்கு எளிது. யாரோ அவசரமாகச் சொல்லிக்கொடுத்து ஊறிப்போன பழக்கத்தை மாற்றத்தான் நாள் பிடிக்கிறது.

எட்டு மட்டும் போடப் பழகிக்கொண்டு உரிமம் வாங்கிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அப்படியொரு வகுப்பு எங்களிடம் இல்லை. ஆய்வாளர் பார்க்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அதற்குப் பிறகு மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள நெரிசலில் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகப்போவது நீங்கள். அந்த நெரிசலுக்குத் தயாராகிறவருக்கு எட்டு தானாக வந்துவிடும்.

21 நாளில் என்ன நடக்கும்

இந்த 21 நாள் நாங்களாக வைத்த கணக்கன்று. சொந்த உபயோகக் கார் ஓட்டக் கற்பவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, கையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டிய நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. எங்களிடம் நாளுக்கு அரை மணி நேரம் நீங்கள் மட்டுமே ஓட்டுவீர்கள். பின்னிருக்கையில் அமர்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்ப்பதை நாங்கள் பயிற்சி நேரமாக எழுதுவதில்லை. ஒவ்வொரு நாளும் ஓட்டிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதி உங்கள் கையொப்பம் வாங்குவோம். எழுதியிருக்கும் நேரத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பம் போடுங்கள்.

முதல் நான்கு நாள் ஊருக்குள் போவதே இல்லை. தாராசுரம் தாண்டி வயல்களுக்கு நடுவே போகும் கிராமச் சாலைதான் வகுப்பறை. வண்டியைக் கிளப்பும் முன் இருக்கையைச் சரிசெய்வது, மூன்று கண்ணாடிகளையும் திருப்பி வைப்பது, சீட் பெல்ட் போடுவது, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்ப்பது, இவை கைப்பழக்கமாகும்வரை சாவியைத் திருகவிட மாட்டோம். தேர்விலும் ஆய்வாளர் கண் முதலில் போவது இங்கேதான்.

அடுத்து இடது கால். புதிதாகக் கற்பவரின் பயம் எல்லாம் அந்தக் காலில்தான் இருக்கிறது. கிளட்சைப் பட்டென்று விட்டால் வண்டி குலுங்கி நின்றுவிடும். நின்றால் நிற்கட்டும், மறுபடி கிளப்பிக்கொள்ளலாம். ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மெல்ல மெல்ல விட்டே வண்டியை நகர்த்தும் பயிற்சியை முதல் இரண்டு நாளும் திரும்பத் திரும்பச் செய்யவைப்போம். சிலருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கால் கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு கியர் மாற்றுவதெல்லாம் கடினமே இல்லை. பயிற்சிக் காரில் பயிற்றுநர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. உங்கள் கால் தடுமாறினாலும் வண்டி தடுமாறாது.

ஐந்தாம் நாளிலிருந்து செட்டிமண்டபம் பக்கம் அகலமான சாலை. மூன்றாவது, நான்காவது கியர், பஸ் பின்னால் வரும்போது பதறாமல் இடம் விடுவது, கண்ணாடி பார்த்து இன்டிகேட்டர் போட்டு முந்துவது. டெல்டாவில் ஓட்டுபவருக்கு மட்டும் தேவைப்படும் பாடம் ஒன்றும் இங்கே உண்டு. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், வைக்கோல் பரந்து கிடக்கும், அறுவடை இயந்திரம் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். வைக்கோல் மேல் வேகமாக ஏறி பிரேக் அடித்தால் டயர் வழுக்கும். வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். டிராக்டர் வலப்பக்கம் திரும்பப்போவதை விளக்கு சொல்லாது, ஓட்டுநரின் கைதான் சொல்லும். கை சைகைகளை நாங்கள் விரிவாகச் சொல்லித்தருவதற்கு அதுவும் காரணம்.

இரண்டாம் வாரத்தின் பின்பாதியில் ஊருக்குள் வருவோம். நாகேஸ்வரன் கோயில் சுற்று, பெரிய தெரு, பஸ் நிலையத்தின் அருகே என்று படிப்படியாக. ஆட்டோ குறுக்கே வரும், மினி பஸ் நினைத்த இடத்தில் நிற்கும், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர் வழி தேடிக்கொண்டே நடுச்சாலையில் நடப்பார். முகூர்த்த நாளில் முதன்முறையாக யாரையும் ஊருக்குள் கூட்டிப்போவதில்லை; கொஞ்சம் பழகிய பிறகு அதே முகூர்த்த நாளில் வேண்டுமென்றே கூட்டிப்போவோம்.

நம் ஊர் சமதளம். அதனால் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும் பயிற்சிக்கு ஆற்றுப் பாலங்களின் ஏற்றத்தைத்தான் நம்பியிருக்கிறோம். விடியற்காலையில் அங்கே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் பிடித்து, ஹாஃப் கிளட்சில் வண்டி பின்னால் உருளாமல் முன்னேறுவதைப் பழக்குவோம். இதைக் கற்காமல் உரிமம் வாங்கியவர்கள் முதன்முறை கொடைக்கானல் போகும்போது மலைப்பாதையில் அகப்பட்டுத் தவிக்கிறார்கள். கடைசி வாரம் ரிவர்ஸ், குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்புவது, இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்துவது. மாலை வகுப்பில் இருப்பவர்களுக்கு இருட்டில் ஓட்டவும் வாய்ப்பு கிடைக்கும்.

எட்டு

எட்டு போடுவது வேகத்தைச் சோதிக்கும் தேர்வன்று. முதல் கியரில், காலைக் கிளட்சின் மேல் கவனமாக வைத்து, வண்டி நடக்கும் வேகத்தில் போக வேண்டும். தவறுபவர்களில் பெரும்பாலோர் கண்ணால்தான் தவறுகிறார்கள்: பானெட்டின் முனையைப் பார்த்தே ஓட்டுகிறார்கள். பார்வை அடுத்த வளைவில் இருந்தால் கை தானாக அந்தப் பக்கம் போகும். இரண்டு வட்டங்களும் சேரும் நடு இடத்தில் ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். அந்த ஓர் இடத்தைத் தவறவிட்டால் இரண்டாம் வட்டம் முழுவதும் கோணலாகிவிடும். எங்கள் மைதானத்தில் தடம் போட்டிருக்கிறோம். 15ஆம் நாளிலிருந்து வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் எட்டுக்கு.

இருசக்கர வாகனத்துக்கும் சேர்த்து உரிமம் எடுப்பவர்கள் அதே மைதானத்தில் பழகலாம். கால் தரையில் ஊன்றக் கூடாது. வளைவில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். தேர்வுக்கு ஹெல்மெட் இல்லாமல் வராதீர்கள்.

எல்.எல்.ஆர்.

18 வயது முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் உரிமம் கிடைப்பது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அநேகமாக எல்லாமே அதற்கு மேல். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஸ்கூட்டர் கற்றுத்தரச் சொல்லிப் பெற்றோர் வரும்போது நாங்கள் மறுப்பது இதனால்தான். சிறார் வண்டி ஓட்டிச் சட்டத்தை மீறினால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

விண்ணப்பம் sarathi.parivahan.gov.in தளத்தில். ஆதார், வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல்நலம் பற்றிய உங்கள் உறுதிமொழி ஆகியவை வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடம் 1ஏ படிவத்தில் சான்று பெற வேண்டும். நீங்களே பதிவு செய்யலாம், அருகிலுள்ள இ-சேவை மையத்திலும் செய்யலாம், எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தும் செய்யலாம். எங்கே செய்தாலும் கைபேசி எண்ணும் முகவரியும் உங்களுடையதாக இருக்கட்டும். உரிமம் விரைவு அஞ்சலில் அந்த முகவரிக்குத்தான் வரும்.

எல்.எல்.ஆருக்கான கேள்விகள் சாலை விதிகளும் குறியீடுகளும். சிவப்பு விளிம்பு வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல் என்ற அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அதற்குத் தனியாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டு, கட்டணம் கிடையாது.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகே உரிமத் தேர்வுக்கு நாள் குறிக்க முடியும். ஆகவே எல்.எல்.ஆர். வந்த வாரமே வகுப்பில் சேர்ந்தால் பயிற்சி முடிவதும் தேர்வு நாளும் நெருங்கி வரும், கற்றது காலிலும் கையிலும் இருக்கும். இடையில் வீட்டுக் காரில் பழக விரும்பினால் உரிமம் உள்ளவர் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பாக ‘எல்’ பலகை கட்டாயம்.

தேர்வு நாள்

முந்தைய நாள் மாலை எங்கள் மைதானத்தில் ஒத்திகை. காலையில் எங்கள் காரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவோம்; நீங்கள் பழகிய அதே வண்டியில் தேர்வு. எல்.எல்.ஆர்., ஒப்புகைச் சீட்டு, பயிற்சி முடித்ததற்கு நாங்கள் தரும் 5ஆம் படிவச் சான்று, வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். எட்டு முடிந்ததும் சாலையில் ஓட்டச் சொல்வார்கள். ஆய்வாளர் பக்கத்தில் அமர்ந்ததும் சிலருக்குக் கை நடுங்கும். அப்போது செய்ய வேண்டியது முதல் நாள் செய்ததைத்தான்: இருக்கை, கண்ணாடி, பெல்ட், நியூட்ரல். அந்த நான்கையும் செய்து முடிப்பதற்குள் மூச்சு நிதானத்துக்கு வந்துவிடும்.

தேர்ச்சி பெறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். மூன்று முறை தவறினால் மட்டும் 60 நாள் காத்திருக்க வேண்டும். முதல் முறை தவறியவர்களுக்கு எங்கு பிசகியது என்று பார்த்து மூன்று வகுப்புகள் கூடுதலாகத் தருகிறோம், அதற்குப் பணம் வாங்குவதில்லை. ‘ஓட்டிக் காட்டாமலே முடித்துத் தாருங்கள்’ என்று கேட்பவர்களுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லுவோம்.

கட்டணமும் நேரமும்

கார் பயிற்சிக்கு 6,500 ரூபாய். இருசக்கர வாகனமும் சேர்த்து 8,000. சேரும்போது பாதி, பத்தாம் நாள் மீதி. பெட்ரோல், மைதானம், தேர்வு நாளில் வண்டி எல்லாம் இதிலேயே அடக்கம். அரசுக் கட்டணம் இதில் சேராது; அதை இணையத்தில் நீங்களே செலுத்தி ரசீதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 6 முதல் 10 வரை, மாலை 4 முதல் 8 வரை அரை மணி வகுப்புகள். பெண்களுக்குப் பெண் பயிற்றுநர் உண்டு. காலை 9 மணிக்கு மேல் உள்ள இரண்டு வகுப்புகளையும் அவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வர வசதியாக இருக்கும். 60 வயதைக் கடந்தவர்களும் கற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு 21 நாள் போதாவிட்டால் கூடுதல் நாளுக்கு 200 ரூபாய் மட்டும். ஒரு நாள் வர முடியாவிட்டால் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள், அந்த வகுப்பு கணக்கில் குறையாது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிய வகுப்பு தொடங்குகிறது. மகாமகக் குளத்தின் மேல்கரையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு எல்.எல்.ஆருடன் வாருங்கள், அது இல்லாதவர்கள் ஆதார் அட்டையோடு வந்தால் போதும். முதல் நாள் வகுப்புக்கு ஹை ஹீல்ஸும் வார் இல்லாத ரப்பர் செருப்பும் வேண்டாம். பின்பக்கம் வார் உள்ள செருப்போ தட்டையான ஷூவோ போட்டுக்கொண்டு பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடுங்கள்.