வேற்றுமை உருபுகள்: ஒரே மரம், எட்டு வேற்றுமை

| வேற்றுமை | உருபு | வாக்கியம் |
|---|---|---|
| முதல் | இல்லை | மரம் சாய்ந்தது. |
| இரண்டாம் | ஐ | மரத்தை வெட்டாதே. |
| மூன்றாம் | ஆல், ஓடு | மரத்தால் கதவு செய்தார். கொடி மரத்தோடு ஒட்டி வளர்ந்தது. |
| நான்காம் | கு | மரத்துக்குத் தண்ணீர் ஊற்று. |
| ஐந்தாம் | இல், இன் (இருந்து) | மரத்திலிருந்து மாங்காய் விழுந்தது. |
| ஆறாம் | அது (உடைய) | மரத்தினுடைய கிளை முறிந்தது. |
| ஏழாம் | கண், இல் | மரத்தில் குருவி கூடு கட்டியது. |
| எட்டாம் | இல்லை (விளி) | மரமே, நிழல் தா! |

‘இல்’ இரண்டு இடத்தில் வருகிறதே, எப்படிப் பிரிப்பது? பொருளைப் பார். மாங்காய் மரத்தை விட்டு நீங்குகிறது: ஐந்தாம் வேற்றுமை. குருவி அங்கேயே இருக்கிறது: ஏழாம் வேற்றுமை. தேர்வில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம், ஐ, கு உருபுகள் வெளிப்படையாக வந்தால் அடுத்து வல்லினம் மிகும்: மரத்தைப் பார்த்தேன், மரத்துக்குத் தண்ணீர்.