எக்ஸ்பைரி அலர்ட்

டிக்கெட்டில் இருந்தது ஒரே வரிதான்.

`Need expiry alert in medical module - urgent`

விளக்கம் எழுத வேண்டிய கட்டம் காலி. கோரிப்பாளையத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பிலிருந்து வந்த போனை வைத்த கையோடு சப்போர்ட்டில் இருக்கும் பிரவீன் தட்டிப் போட்டிருந்தார். அன்று இரவே தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார். டீம் லீட் செந்தில் அதை இந்துமதியின் பெயருக்கு மாற்றிவிட்டு, "சின்ன வேலைதாம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிரு" என்றார்.

மதுரை பைபாஸ் ரோட்டில் இருக்கும் அந்த கம்பெனியில் இந்துமதி இன்டெர்னாகச் சேர்ந்து இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் பட்டனின் நிறம், பில் பிரிண்டில் தள்ளிப்போன ஓரம் இப்படித்தான். முழுசாக ஒரு வசதி கைக்கு வருவது இதுதான் முதல் தடவை. யாருக்கு அலர்ட், எப்போது என்று கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் செந்தில் ஹெட்செட்டை மாட்டியவர் மதியம்வரை கழற்றவில்லை. அதற்குள் கேள்விக்கான பதிலை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் பாட்டி சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர். அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் இந்துமதிதான் தேதி பார்த்துக் கொடுப்பாள். தேதி முடிந்த மருந்து யார் கைக்கும் போய்விடக் கூடாது. அப்படியென்றால் அலர்ட் வர வேண்டிய இடம் பில்லிங்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

```python
if item.expiry <= today + timedelta(days=90):
    show_alert(item)
```

திரையை மறைக்கும் சிவப்புப் பெட்டி, கூடவே ஒரு பீப் சத்தம். ஓகே அமுக்கினால்தான் அடுத்த மருந்தைச் சேர்க்க முடியும். பில் போடுகிறவர் பார்க்காமல் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஓகே பட்டன்கூட இரண்டு விநாடி கழித்துத்தான் தெரியும்படி வைத்தாள். டெஸ்ட் எல்லாம் பாஸ். செந்தில் எட்டிப் பார்த்து, "நீட்டா இருக்கே" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்கே போய்ப் புது வெர்ஷனைப் போட்டார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிற வழியில், அலமாரிகளுக்கு நடுவே இருவர் நிற்கும் அளவுக்கே இடம் இருந்த கடை. கடையைப் பார்த்துக்கொள்பவர் பார்மசிஸ்ட் பாக்கியம். வாடிக்கையாளர் விலையைப் பார்க்கட்டும் என்று இன்னொரு திரையை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். அப்படி ஒரு திரை இருக்கும் என்பதே இந்துமதிக்குத் தெரியாது.

ஏழு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. மூன்றாவது பில்லிலேயே பீப். வெளித்திரை முழுக்கச் சிவப்பு. பிரஷர் மாத்திரை வாங்க வந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தாயி, டேட் முடிஞ்ச மருந்தா குடுக்குற?"

"இல்லங்கய்யா, இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு. நீங்க பதினஞ்சு நாளைக்குத்தான வாங்குறீங்க, அதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிருவீங்க."

"அப்ப எதுக்கு செவப்பு போடுது?"

பாக்கியம் அட்டையைத் திருப்பித் தேதியைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படித்தார். பின்னால் நின்றவர்களும் கழுத்தை நீட்டினார்கள். அடுத்த பில்லில் மறுபடி பீப். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண், காய்ச்சல் மருந்தைக் கையில் வாங்காமலே, "வேற பாட்டில் குடுங்கக்கா" என்றாள். அதே பேட்ச்தான் இருந்தது. அவள் பக்கத்துக் கடைக்கு நடந்துவிட்டாள்.

இந்துமதிக்குக் காது சூடானது. செந்தில் லேப்டாப்பைத் திறந்து பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டார். கூட்டம் குறைந்த பிறகுதான் பாக்கியம் பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே இந்துமதிக்குக் கஷ்டமாக இருந்தது.

"டேட் முடிஞ்சது இந்த மேசைக்கே வராதும்மா. ரேக்குல இருக்கும்போதே எடுத்துருவேன். நான் கேட்டது இதுக்கு."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். பிரிக்காத இருமல் சிரப், ஆன்டிபயாட்டிக் அட்டைகள், ஒரு இன்சுலின் பேனா.

"எல்லாம் நான் கவனிக்காம விட்டது. முடியிறதுக்கு முன்னாடியே ஸ்டாக்கிஸ்ட்கிட்ட திருப்பிக் குடுத்திருந்தா கிரெடிட் நோட் போட்டுருப்பாங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு இருக்கு, அது தாண்டிப் போனா எடுக்க மாட்டாங்க. அப்புறம் கடைக்குத்தான் நட்டம்."

"எந்த ஸ்டாக்கிஸ்ட்கிட்ட வாங்கினதுன்னு எப்படிக்கா தெரியும்?"

பாக்கியம் ஒரு நீளமான நோட்டை எடுத்து வைத்தார். மருந்து, பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, யாரிடம் வாங்கியது, எந்த பில். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு ரேக் ரேக்காக இறக்கி எழுதுவாராம். போன மாதம் மகனுக்கு டெங்கு. அந்த ஞாயிறு தவறிப்போனது. பெட்டியில் இருந்ததெல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கணக்கு. அதற்கு அடுத்த நாள்தான் அவர் சப்போர்ட்டுக்குப் போன் போட்டிருந்தார்.

"இன்னொண்ணும்மா. உன் பெட்டில மார்ச் ஒண்ணுன்னு காட்டுச்சு. அட்டையில மாசமும் வருஷமும் மட்டும் இருந்தா அந்த மாசம் கடைசி நாள் வரைக்கும்னு அர்த்தம்."

இந்துமதி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அந்தப் பேனாக் கோடுகளில் அவளுக்கு வேண்டிய விவரம் மொத்தமும் இருந்தது. ஸ்பெக் என்று ஒன்று எங்கேயாவது இருந்ததென்றால் அது அந்த நோட்டுதான். திரும்பும் வழியில் பைக்கை ஓட்டிக்கொண்டே செந்தில் சொன்னார்: "போன் பண்ணிக் கேட்டுட்டு உனக்குக் குடுத்திருக்கணும். நான் பண்ணல." அவள் பதில் சொல்லவில்லை. கொள்முதல் பில் டேபிளையும் பேட்ச் டேபிளையும் எப்படிச் சேர்ப்பது என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை சிவப்புப் பெட்டியையும் பீப்பையும் இரண்டு விநாடி பட்டனையும் அழித்தாள். பேட்ச் எந்தக் கொள்முதல் பில்லில் வந்தது என்று தேடி, ஸ்டாக்கிஸ்ட் வாரியாகப் பிரித்து, சீக்கிரம் முடிவது மேலே வரும்படி ஒரு பட்டியல். 90 நாள் என்பது எல்லோருக்கும் ஒன்றாக இல்லாமல் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிக்கொள்ளலாம். காலையில் கடைக்காரர் லாகின் செய்யும்போது மட்டும், உள்திரையில் மட்டும். ஒவ்வொன்றையும் முடித்ததும் பாக்கியத்துக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள். "ரேக் நம்பரும் வந்தா நல்லாருக்கும்" என்றார் அவர். அதையும் சேர்த்தாள்.

அடுத்த வாரம் ஸ்டாக்கிஸ்டின் ஆள் வரும் நாளைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். பாக்கியம் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, ரேக்கிலிருந்து இறக்கிய மருந்துகளோடு சரிபார்த்தார். மூன்று கம்பெனி சரியாக இருந்தது. நாலாவதில் பட்டியல் ஆறு அட்டை என்றது. வந்தவர் ஐந்தைத்தான் எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த அட்டையில் நாலு மாத்திரை வெட்டி விற்றிருந்தது.

"வெட்டின அட்டைய எடுக்க மாட்டாங்க" என்றார் பாக்கியம்.

இந்துமதி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "அப்ப வெட்டினது பட்டியல்ல தனியா வரணுமாக்கா, வரவே வேண்டாமா?"

"தனியா வரட்டும். முடியிறதுக்குள்ள வித்துப் பாக்கணும்ல."