பொருள்: உங்கள் சிவப்பு அட்டை நோட்டு என்னிடம்தான் இருக்கிறது

தனபால் அண்ணே,

வணக்கம். சாந்தி எழுதுகிறேன். குன்னூர் டீ பேக்டரியில் டேஸ்டிங் ரூமில் கப் அடுக்கிக்கொண்டிருந்தேனே, அதே சாந்திதான். பேசி ஏழு வருடமாகிறது. மெயில் ஐடியை எடைமேடை ராஜு அண்ணனிடம் வாங்கினேன், நீங்கள் இன்னும் கூடலூர்ப் பக்கம்தான் என்றும் அவர்தான் சொன்னார். பாப்பா கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தீர்கள், நான் வரவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நேரம் அது. ஆனால் அதற்கப்புறமாவது ஒரு போன் பண்ணியிருக்கலாம், பண்ணவில்லை. நீங்கள் கோபப்பட்டாலும் நியாயம்தான்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் அந்த நோட்டு. நீங்கள் வேலையை விட்டுப் போன மறுவாரம் ஹீட்டர் அடுப்பில் போடுவதற்கென்று பழைய காகிதங்களைக் கட்டி வைத்திருந்தார்கள், அதற்கு நடுவில் சிவப்பு அட்டை தெரிந்தது, உருவிக்கொண்டேன். உங்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். அது பீரோவில் புடவைக்கு அடியிலேயே கிடந்தது.

போன வருடம் நானும் வேலையை விட்டுவிட்டுக் கோத்தகிரிக்கே வந்துவிட்டேன். அப்பாவின் தோட்டம் ஒன்றரை ஏக்கர். கொழுந்தை ஏஜென்ட்டிடம் போட்டால் பறிகூலி கொடுத்தது போக மிஞ்சுவது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும், நல்ல கொழுந்தாக, இரண்டு இலையும் மொட்டுமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ எடுத்து வீட்டிலேயே கையால் உருட்டித் தூள் பண்ணிப் பார்க்கிறேன். பத்து கிலோவுக்கு இரண்டு கிலோ சொச்சம் வருகிறது. இலை வாட்ட நம் ட்ரஃப் மாதிரி ஒன்றும் கிடையாது, கட்டில் சட்டத்தில் கம்பிவலை அடித்து அடியில் ஒரு ஃபேன், அவ்வளவுதான். சிரிக்காதீர்கள்.

கோடையில் நன்றாகவே வந்தது. உங்களுக்கு ஆடி மழை என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதானே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சொட்டச் சொட்டப் பறித்து வந்த இலை விடிந்தும் வாடவில்லை. பொறுமை இல்லாமல் ரூம் ஹீட்டரைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன், வெந்த கீரை வாசனை அடித்தது. சாயம் மங்கல், வாயில் வைத்தால் உயிரே இல்லை. மாட்டுக்குக்கூடப் போட மனசில்லாமல் ரோஜாச் செடிக்குப் போட்டேன்.

அன்று ராத்திரிதான் நோட்டைத் திறந்தேன். ஒரு நவம்பர் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "ஈரக் கொழுந்து. முதலில் வெறும் காற்று. மேல் ஈரம் போன பிறகே சூடு. அவசரப்பட்டால் அவியும்." படித்ததும் நீங்கள் பின்னால் நின்று திட்டுகிற மாதிரியே இருந்தது. வெறும் காற்று எத்தனை மணி நேரம் என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சரியாக அந்த எண்ணின் மேல்தான் யாரோ டீ கப்பை வைத்திருக்கிறார்கள் (நானாகவும் இருக்கலாம்). ஒரு பக்கம் பார்த்தால் 3, இன்னொரு பக்கம் பார்த்தால் 8.

அதனால் ஒரு சின்ன உதவி அண்ணே. அது மூன்றா, எட்டா? அப்புறம் ஈர இலை என்றால் வலையில் வழக்கத்தைவிட மெல்லிசாகப் பரப்புவீர்களா, அதே கனம்தானா? பேக்டரிக் கணக்கு என் கட்டிலுக்கு அப்படியே ஒத்துவராது என்று தெரியும், ஆனாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தால் மீதியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொள்வேன். பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், காம்பு வளைய வேண்டும், ஒடியக் கூடாது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது எனக்கு மறக்கவில்லை. இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பீர்களே, அது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு வரி பதில் போட்டால் போதும். டைப் அடிப்பது தொல்லை என்றால் ஞாயிறு சாயங்காலம் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், நம்பர் பழையதுதான், நான் கூப்பிடுகிறேன். வேலை நெருக்கடி என்றால் விட்டுவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

நீங்கள் என்ன சொன்னாலும் நோட்டு உங்களுக்கு வந்துவிடும். ஸ்பீட் போஸ்டில் போடட்டுமா, ஊட்டிக்கு வரும்போது கையில் வாங்கிக்கொள்கிறீர்களா? எனக்கு வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன், அதைச் சொல்லாமல் விட்டால் திருட்டு மாதிரி இருக்கும். கூடவே கால் கிலோ தூளும் வைக்கிறேன், கோடையில் பண்ணியது, ரோஜாச் செடிக்குப் போட்டது இல்லை. குடித்துவிட்டு முகம் சுளித்தாலும் சொல்லுங்கள்.

அக்காவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சாந்தி
கோத்தகிரி