ஏழாம் தேதி வரி

ஆச்சி அதைப் "பேங்க்காரன் கூலி" என்றுதான் சொல்லுவாள். "நம்ம துட்டைப் பத்திரமா வெச்சிருக்கான்லா, அதுக்கு மாசாமாசம் எடுத்துக்கிடுதான்." இரண்டு வருஷமாக இதையே நம்பியிருந்தாள்.

அம்பாசமுத்திரத்தில் ஆச்சி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். பாக்கெட் முப்பது ரூபாய். அதோடு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் கணக்குக்கு வரும். அவள் வரவு அவ்வளவுதான்.

2025 ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தேன். பாஸ்புக்கைப் பதிந்துவிட்டு வரச் சொன்னாள். பதிந்து முடித்து, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே புரட்டினேன். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி பணம் பிடித்ததாக ஒரே மாதிரி வரி: ACH-DR, பாதியில் வெட்டுப்பட்ட ஒரு கம்பெனிப் பெயர், 177 ரூபாய்.

அது என்ன 177? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 27. கூட்டினால் சரியாக 177. அப்படியென்றால் இது பேங்க் கூலி இல்லை, யாரோ ஆச்சிக்கு எதையோ விற்றிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய பாஸ்புக்கையும் எடுக்கச் சொன்னேன். முதல் வரி 2023 நவம்பர்.

"ஆச்சி, அந்தத் தீபாவளிக்கு முன்னால எங்கேயாவது கையெழுத்துப் போட்டியா?"

மாவு வாளியை மூடிவிட்டு யோசித்தாள். "கிரைண்டர் எடுத்தோம்லா. தவணைக்கு."

தவணை பத்து மாதம். அது 2024 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. கடையில் நாற்காலி போட்டு, கலர் வாங்கிக் கொடுத்து, 'இங்க ஒண்ணு போடுங்க, இங்க ஒண்ணு போடுங்க' என்று ஒரு பையன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தாள் முழுக்க இங்கிலீஷ்.

டிரங்குப் பெட்டியில் கிரைண்டர் வாரண்டி அட்டைக்குள்ளேயே அது இருந்தது. உறை பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் கார்டு. போனில் டாக்டரிடம் பேசலாம், கண்ணாடிக் கடையில் தள்ளுபடி என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆச்சி அதைத் தவணைக்கு உண்டான அட்டை என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

எத்தனை போயிருக்கும் என்று கேட்டாள். 22 மாதம். அதில் ஒரு மாதம் உதவித்தொகை வரத் தாமதமாகி, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறது. அதற்கு வங்கி தனியாக 295 ரூபாய் பிடித்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 4,012 ரூபாய்.

"எத்தனை பாக்கெட்டுல?"

"நூத்திமுப்பத்திமூணு, ஆச்சி."

அவள் கை கிரைண்டர் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. "எனக்கு எழுத்து தெரியலயே அய்யா" என்றாள். தமிழில் அழகாகக் கையெழுத்துப் போடுகிறவள். தெரியாத பாஷையில் தாளை நீட்டியவர்கள்மேல் அல்லவா தப்பு? அதை நான் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த அக்கா கணக்கைத் திறந்து பார்த்து, "ரெண்டு மேண்டேட் குடுத்திருக்காங்க, அதாவது கணக்குலேர்ந்து மாசாமாசம் பணம் எடுத்துக்க அனுமதி. லோன் மேண்டேட் முடிஞ்சிருச்சு. இன்னொண்ணு ஓடிக்கிட்டிருக்கு, 2043 வரைக்கும்" என்றார்.

"2043-ல எனக்கு என்ன வயசுல?"

"எம்பத்தொம்பது."

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்காதான் வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். கணக்கு எண், மேண்டேட்டின் யூஎம்ஆர்என் எண், 'இந்த மேண்டேட்டை ரத்து செய்யவும், இனி பணம் பிடிக்கக் கூடாது' என்று நான் தமிழில் எழுதினேன். இந்தத் தடவை ஆச்சி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டாள். நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம்.

கார்டு கம்பெனிக்கும் அன்றைக்கே போன் போட்டேன். மூன்று பேர் மாறி மாறிப் பேசினார்கள். நல்ல திட்டம், இன்னும் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள் என்றார்கள். ஆச்சியே போனை வாங்கி, "வேண்டாம்னு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க" என்றாள். புகார் எண் வந்தது. பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயிலும் அனுப்பியிருக்கிறேன். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த புகார் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு.

செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் மாவு வியாபாரத்தைக்கூடப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஆச்சியே போய்ப் பாஸ்புக்கைப் பதிந்து வந்தாள். போனில் கூப்பிட்டு எனக்கு வாசித்தாள்: "ரெண்டாம் தேதி ஒண்ணு இருக்கு, அது நான் எடுத்தது. அப்புறம் கீழ வெறுந்தாளு."