நிறுவன மதிப்பு 75 கோடி, பங்கு மதிப்பு 42 கோடி: இடையில் போனது என்ன?

சேலம் ஜவ்வரிசி ஆலையில் சின்னவருடைய 15 சதவீதப் பங்கை வாங்கிக்கொள்வது தொடர்பாகப் பங்குதாரர்கள் அனைவருக்கும் ஆடிட்டரின் குறிப்பு (31 மார்ச் கணக்குப்படி)

வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 12.50 கோடி. ஆறு மடங்கு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதால் நிறுவன மதிப்பு 75 கோடி. ஆனால் அதில் 15 சதவீதம், அதாவது 11.25 கோடி, சின்னவருக்கு வரும் என்று கணக்குப் போடக் கூடாது. 75 கோடி ஆலை முழுவதற்குமான விலை. அதில் பேங்குக்கும் மற்றவர்களுக்கும் சேர வேண்டியதும் அடக்கம்.

```
நிறுவன மதிப்பு              75.00
கழிக்க: நிகரக் கடன்         23.80
கழிக்க: முன்னுரிமைப் பங்கு    5.90
கழிக்க: சிறுபான்மையர் பங்கு   3.30
பங்கு மதிப்பு               42.00  (கோடி ரூபாய்)
```

டேர்ம் லோன் 14.20, சிசி 11.60, அம்மாவும் பெரியவரும் கம்பெனிக்குக் கொடுத்த கடன் 3.00, மொத்தம் 28.80 கோடி. கடைசியில் உள்ளது வீட்டுப் பணம்தானே என்று விட்டுவிட முடியாது. அது அவர்கள் இருவருக்கும் திரும்ப வர வேண்டியது, மற்ற பங்குதாரர்களுக்கு அல்ல. கையிருப்பு கரண்ட் அக்கவுண்டில் 4.10, டெபாசிட்டில் 2.30. ஆனால் டெபாசிட்டில் 1.40 கோடி வங்கி உத்தரவாதத்துக்காக லியனில் கிடக்கிறது. எடுக்க முடியாத பணத்தைப் பணமாக எண்ணவில்லை. கழிப்பது 5.00 மட்டும்.

சிசி குறைவாக இருக்கும் மாதத்தை எடுத்தால் என்ன என்று சின்னவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கிழங்கு வரத்து முடிந்து, மாவும் ஜவ்வரிசியும் குடோனில் நிறைந்திருக்கும்போது சிசி ஏறும். சரக்கு விற்றால் இறங்கும். இறங்கிய மாதத்தை எடுத்தால் குடோனும் காலி. ஆனால் 75 கோடி என்பது வழக்கமான சரக்கோடு ஓடும் ஆலைக்கான விலை. குறைந்த கடனும் வேண்டும், நிறைந்த குடோனும் வேண்டும் என்றால் கணக்கு உதைக்கும்.

முன்னுரிமைப் பங்கு 5 கோடி, 9 சதவீதம் குவியும் டிவிடெண்டுடன். இரண்டு வருடம் கொடுக்கவில்லை, ஆகவே பாக்கி 90 லட்சத்தையும் சேர்த்தேன். சாதாரணப் பங்காக மாற்றும் உரிமை இல்லாததால் வேறு சிக்கல் இல்லை.

ஆத்தூர் ஸ்டார்ச் யூனிட்டில் நமக்கு 70 சதவீதம்தான். ஆனால் அதன் லாபம் 2.50 கோடி முழுசாக நம் 12.50-க்குள் இருக்கிறது. அப்படியானால் வெளியாட்களின் 30 சதவீதத்தைக் கழித்தே ஆக வேண்டும். ஏட்டில் அது 2.10 கோடி, நான் அதை எடுக்கவில்லை. அதே ஆறு மடங்கில் யூனிட் 15 கோடி, அதன் கடன் 4 கோடி போக 11 கோடி, அதில் 30 சதவீதம் 3.30. அந்த 4 கோடி ஏற்கனவே மேலே சொன்ன நிகரக் கடனுக்குள் உள்ளது, தனியாக மறுபடியும் கழிக்கவில்லை.

பங்குகள் 20 லட்சம், எனவே ஒரு பங்குக்கு 210 ரூபாய். சின்னவரின் 3 லட்சம் பங்குக்கு 6.30 கோடி. பங்கு மாற்றும் நாளில் நிகரக் கடனையும் சரக்கு இருப்பையும் மறுபடி பார்த்து, வித்தியாசத்தை விலையில் சரிசெய்துகொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.