8 ஆ வகுப்பு: குழுப்படத் தேர்வு

மாணவர்களே,

ஆண்டு மலருக்கு நம் குழுப்படம் ஒன்றுதான் போகும். எடுத்த ஆறு படங்களையும் எண் போட்டுக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் சீட்டில் ஒரே ஒரு எண்ணை எழுதி, மடித்துப் பெட்டியில் போடுங்கள். பெயர் வேண்டாம். இரண்டு எண் எழுதினால் செல்லாது. எனக்கு ஓட்டு இல்லை.

'நான் நல்லா விழுந்திருக்கேனா' என்று மட்டும் பார்க்காதீர்கள். எல்லோர் முகமும் தெரிகிறதா, யாராவது கண்ணை மூடியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். (நான்காவது படத்தில் பின்வரிசையில் ஒருவருடைய தலையே தெரியவில்லை!) ஏதாவது ஒரு படம் உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வியாழக்கிழமைக்குள் தனியாக வந்து சொல்லுங்கள். காரணம் கேட்காமல் எடுத்துவிடுவேன்.

சீட்டுகளை உங்கள் முன்னாலேயே லீடர்கள் எண்ணுவார்கள். சமமாக வந்தால் அந்தப் படங்களுக்கு மட்டும் மறு ஓட்டு.

வகுப்பாசிரியர்