பழைய நூல்களைப் பேணுதல்: மூன்று நாள் பயிற்சியில் இருந்து நமக்கு

பிரதான நூலகத்திலும் மூன்று கிளைகளிலும் பணிபுரியும் எல்லோருக்கும்,

போன வாரம் யாழ்ப்பாண நகரில் நடந்த பேணல் பயிற்சிக்கு ஒரு நூலகத்துக்கு ஒருவர் என்றுதான் இடம் தந்தார்கள். நான் போன மூன்று நாளும் இரவல் பகுதியை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், நன்றி. அங்கே எழுதிய குறிப்பு 27 பக்கம் வந்துவிட்டது. அதில் நம் கட்டடத்தில், நம் கையிருப்புக் காசில் செய்யக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். முதல் நாள் காலை வந்த வேதியியல் பாடத்தை விட்டுவிட்டேன். வேண்டியவர்கள் என் கொப்பியைப் பாருங்கள்.

வளவாளர் மூன்று நாளும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ஒரு நூலுக்கு நாம் எதைச் செய்தாலும், நாளைக்கு இன்னொருவர் அதைச் சேதமில்லாமல் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாம் நல்ல மனதோடு செய்துவந்த பல வேலைகள் நூலைக் கெடுத்திருக்கின்றன. செலோரேப், லமினேற், வெள்ளைப் பசை மூன்றும் அதில் அடங்கும்.

செலோரேப்

உள்ளூர் வரலாற்று அலுமாரியில் இருந்து ஒரு பழைய பத்திரிகைத் தாளைப் பயிற்சிக்கு எடுத்துப் போயிருந்தேன். மடிப்பில் கிழிந்திருந்ததால் சில வருடங்களுக்கு முன் நானே செலோரேப் போட்டு ஒட்டிய தாள் அது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதைக் காட்டினார்கள். பிளாத்திக்கு காய்ந்து ஓரம் கிளம்பியிருந்தது. அதன் பசையோ பிளாத்திக்கை விட்டுக் கடதாசிக்குள் இறங்கி, தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகி, பின்பக்கம் வரை ஊறியிருந்தது. பசை ஊறிய இடத்தில் கடதாசி கண்ணாடி போல ஆகி, மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது.

வளவாளர் மெல்லிய தகடு ஒன்றைச் சூடாக்கி, செலோரேப்புக்கு அடியில் நுழைத்து, மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார். ஒரு சாண் நீளத்தை எடுக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பிளாத்திக்கு வந்தது, கறை போகவில்லை. ஒரு வரியின் கடைசி மூன்று எழுத்துகள் பிளாத்திக்கோடு சேர்ந்து வந்துவிட்டன. அந்த மூன்று எழுத்தும் இனி அந்தத் தாளில் இல்லை. கிழிசலை அப்படியே விட்டு உறைக்குள் போட்டு வைத்திருந்தால் எல்லாம் இருந்திருக்கும்.

ஆகவே, உசாத்துணைப் பகுதியிலும் உள்ளூர்ச் சேகரிப்பிலும் செலோரேப் வேண்டாம். ஏற்கெனவே ஒட்டியிருப்பதை இழுத்துக் கழற்றவும் வேண்டாம். சிறுவர் பகுதிக் கதைப் புத்தகங்கள் கடையில் திரும்ப வாங்கக்கூடியவை, அவற்றுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை.

லமினேற் செய்தால் நிலைமை இதைவிட மோசம். சூட்டில் உருகிய பிளாத்திக்கு கடதாசி நாருக்குள் ஏறிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் லிக்னின் என்ற பொருள்தான் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, கடதாசி அப்பளம் போல உடையக் காரணம். அந்தத் தாளை லமினேற் செய்து மூடினாலும் உள்ளே இருக்கும் அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஈழகேசரி போன்ற 1930களின் பத்திரிகைகள் யார் வீட்டிலிருந்தாவது நமக்கு வந்தால், தாளை விரித்து, அமிலமற்ற கடதாசி உறையில் தட்டையாக வைத்தாலே போதும்.

பசை

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான், இரண்டாம் நாள் முழுக்க இதைத்தான் செய்தோம். தேவையானது கோதுமை மா அல்ல, கோதுமை மாப்பொருள். அதாவது புரதம் நீக்கிய வெள்ளைத் தூள். வெறும் மாவில் பசை காய்ச்சினால் அதில் இருக்கும் புரதம் பூச்சிக்கு விருந்து.

ஒரு பங்கு தூளுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் கட்டியில்லாமல் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பிறகு மெல்லிய நெருப்பில் வைத்துக் கைவிடாமல் துழாவ வேண்டும். முதலில் பால் போல இருக்கும், திடீரென்று இறுகும். அந்த இடத்தில் பயந்து இறக்கிவிடக் கூடாது. இன்னும் இருபது நிமிடம் துழாவினால் வெண்மை குறைந்து, ஒடியற்கூழ் போலப் பளபளப்பாக வரும். அகப்பையைத் தூக்கினால் நாடாவாக விழ வேண்டும். ஆறியதும் துணியில் இரண்டு முறை வடித்து, வேண்டிய அளவு தண்ணீர் சேர்த்துத் தூரிகையால் பூசலாம். பழைய முறையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். போடாதீர்கள். அதில் இருக்கும் செம்பு காலப்போக்கில் கடதாசியை அரித்துவிடும். பசை நாலைந்து நாள்தான் நிற்கும், புளித்த மணம் வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்ச வேண்டும்.

கிழிசலின் மேல் வைப்பது ஜப்பான் மெல்லிய தாள். அதைக் கத்தரிக்கோலால் வெட்டுவதில்லை. ஈரத் தூரிகையால் கோடிட்டு, அந்தக் கோட்டில் கையால் கிழிக்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நார் மயிர்போல நீட்டி நிற்கும், கிழிசலோடு கலந்துவிடும். ஒட்டியதும் மேலும் கீழும் ஒட்டாத துணி வைத்து, ஒற்றுத்தாள் வைத்து, பாரம் ஏற்றி ஒரு இரவு விட வேண்டும். இது காய்ந்த பிறகும் சிறிது ஈரம் காட்டினால் கழன்று வரும். வளவாளர் சொன்ன அளவுகோல் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஈரமும் பூச்சியும்

நமக்குப் பெரிய எதிரி ஐப்பசி, கார்த்திகை மழைதான். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரப்பதன் காட்டும் சிறு கருவி ஒன்றை உள்ளூர்ச் சேகரிப்பு அறையில் வைத்து, காலையும் மாலையும் எண்ணைக் குறிக்க வேண்டும். இன்னொரு விடயம்: அந்த அறை ஏசியை காலையில் போட்டு மாலையில் நிறுத்துகிறோமே, அது நூலுக்கு நல்லதல்ல. இரவில் அறை சூடாகி ஈரம் ஏற, காலையில் மறுபடி குளிர, கடதாசி தினமும் விரிந்து சுருங்குகிறது. ஏசி இல்லாமல் யன்னலும் மின்விசிறியும் மட்டும் இருப்பது அதைவிட மேல் என்றார். இறாக்கைகளைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்னால் காற்று ஓடும். இது செலவில்லாத வேலை, வரும் சனிக்கிழமையே செய்யலாம்.

இராமபாணம் துளைத்த நூலில் பூச்சி இப்போதும் இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி சொன்னார்கள். நூலை நன்றாகத் தூசி தட்டி, கறுப்புக் கடதாசியின் மேல் வைத்து ஒரு வாரம் விட வேண்டும். கடதாசியில் புதிதாக மாத்தூள் விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அந்த நூலைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் பிரீசரில் −18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் நூலின் மேல் வியர்த்துவிடும்.

நப்தலீன் உருண்டையை நிறுத்தச் சொன்னார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் உள்ள பொருள் அது. அலுமாரியைத் திறந்து மூடும் நாம்தான் தினமும் அதைச் சுவாசிக்கிறோம். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் வைக்கலாம். ஆனால் நூலுக்குள் அல்ல, துணிப்பையில் கட்டி இறாக்கை மூலையில் வைக்க வேண்டும். பக்கத்துக்கு நடுவில் வைத்த இலை கறையை விடும்.

நனைந்த நூலுக்கு 48 மணித்தியாலம்தான் அவகாசம், அதற்குள் காயத் தொடங்காவிட்டால் பூஞ்சணம் வரும். வெயிலில் காய வைக்க வேண்டாம், மட்டை வளைந்துவிடும். நூலை நிறுத்தி, விசிறி போல விரித்து, மின்விசிறிக் காற்று நேராக நூலின் மேல் அடிக்காமல் விட வேண்டும். பளபளப்புக் கடதாசியில் அச்சான மலர்கள் மட்டும் வேறு வகை. அவை காயும்போது பக்கங்கள் கல்லாக ஒட்டிவிடும். ஈரமாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும், முடியாவிட்டால் பையில் கட்டி டீப் பிரீசருக்கு அனுப்ப வேண்டும்.

சிறு விடயங்கள்

பழைய ஆலய மலர்கள், நினைவு மலர்களில் உள்ள கம்பித் தையல் கடற்காற்றில் கறல் பிடித்துக் கடதாசியைத் தின்கிறது. கம்பியை நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூலால் தைக்கலாம். கையுறை தேவையில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த வெறுங்கையே கடதாசிக்கு நல்லது. கையுறை போட்டால் பக்கத்தின் மெலிவு தெரியாமல் கிழித்துவிடுவோம். ஏட்டுச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவதைச் செய்து காட்டினார்கள், ஆனால் நம்மிடம் உள்ள இரண்டு கட்டையும் நாமாகத் தொட வேண்டாம். எண்ணெய் பட்டு எழுத்தில் தேய்த்த கரி கலையுமா என்று முதலில் பார்க்கத் தெரிந்தவர் வரட்டும்.

படியெடுத்தல்

யாழ்ப்பாணத்தில் நூலக வேலை செய்பவர்களுக்கு, ஒரே பிரதி என்றால் என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1981 இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. நம் சேகரிப்பிலும் வேறு எங்கும் இல்லாத ஊர் வெளியீடுகள் இருக்கலாம். முதல் வேலை, நம் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றும் noolaham.org தளத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுவது. இருப்பதை மறுபடி ஸ்கேன் பண்ணுவதில் நேரத்தைப் போக்க வேண்டாம். இல்லாதவற்றைத் தனியாகக் குறியுங்கள். ஸ்கேன் பண்ணும்போது 300 dpi, மூலக் கோப்பு TIFF, வாசகருக்கு PDF. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். கோப்பின் பெயரில் ஆண்டு முதலில் வர வேண்டும், இப்படி:

```
1957_malar_001.tif
```

பட்டியல் பார்க்கும் வேலையைக் கிளை நூலகத் தம்பிமார் இருவரும் ஏற்க முடியுமா என்று கேட்கிறேன். நூலகர் அக்கா, ஈரப்பதன் கருவி ஒன்றும் மாப்பொருள் அரைக் கிலோவும் வாங்க அனுமதி வேண்டும். ஜப்பான் தாள் நாலு துண்டு பயிற்சியில் தந்தார்கள், தொடங்குவதற்கு அது போதும்.

வியாழன் பின்னேரம் மூன்று மணிக்கு உசாத்துணைப் பகுதியில் பசை காய்ச்சிக் காட்டுகிறேன். பழைய தாள்களோடு யாரும் வர வேண்டாம், முதலில் கழிவுக் கடதாசியைக் கிழித்து ஒட்டிப் பழகுவோம். தூரிகை இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.

நூலக உதவியாளர்,
உசாத்துணைப் பகுதி